கேட்னிப், சில்வர்வைன்: பூனைக்கு முதன்முறை கொடுக்கும் முன் தெரிந்துகொள்ள வேண்டியவை

வாசனையாலேயே பூனைகளைக் கிறங்கவைக்கும் செடிகள் கேட்னிப்பும் சில்வர்வைனும். காய்ந்த கேட்னிப் பொட்டலம் வாங்கிப் பிரித்து வைத்தால் இரண்டில் ஒன்று நடக்கும். பூனை ஒருமுறை முகர்ந்துவிட்டுப் போய்ப் படுத்துக்கொள்ளும். காசு வீணாகிவிட்டதே என்று தோன்றும். அல்லது அது எச்சில் வடிய உருண்டு புரண்டு, கண்மணி விரிந்து, காற்றை உதைக்கும். விஷம் ஏறிவிட்டதோ என்று பயம் வரும். பெரும்பாலும் இரண்டுக்கும் காரணம் பூனை அல்ல. தவறான பொருளை வாங்கியிருப்போம், பழைய சரக்காக இருந்திருக்கும், வயது பார்க்காமல் கொடுத்திருப்போம், அல்லது எது இயல்பு என்று தெரியாமல் இருந்திருப்போம். கீழே உள்ள வரிசையில் போனால் ஒரு சிறு பொட்டலச் செலவில், இரண்டு வாரத்துக்குள், உங்கள் பூனைக்கு எது ஒத்துவரும், எது கூடாது என்று தெரிந்துவிடும்.

1. இது மூக்கு வழியாக வேலை செய்வது, வயிறு வழியாக அல்ல

இதை முதலில் மனதில் வாங்கிக்கொண்டால் மீதிப் படிகள் எல்லாம் எளிது. கேட்னிப் புதினா குடும்பத்துச் செடி. அதன் இலையில் நெப்பெட்டாலாக்டோன் என்ற வாசனைப் பொருள் இருக்கிறது. சில்வர்வைன் கிவிப் பழத்தின் உறவுக்கொடி. ஜப்பான், கொரியா, சீனா மலைக்காடுகளில் வளர்வது. ஜப்பானியர் அதை மத்தாத்தாபி என்பார்கள். அதிலுள்ள முக்கியமான பொருள் நெப்பெட்டாலாக்டால். இரண்டும் வேதியியலில் ஒரே குடும்பம், ஐரிடாய்டுகள்.

வாசனை மூக்கின் உணர்படலத்தில் பட்டதும் பூனையின் உடலே பீட்டா எண்டார்பினைச் சுரக்கிறது. இது நம் உடலிலும் உண்டு. வலியைத் தணித்து இதம் தருவது. ஜப்பானின் இவாத்தே பல்கலைக்கழகக் குழுவினர் 2021-இல் வெளியிட்ட ஆய்வில், சில்வர்வைன் பொருளை முகர்ந்த பூனைகளின் இரத்தத்தில் பீட்டா எண்டார்பின் கூடியிருந்ததைக் கண்டார்கள். பீட்டா எண்டார்பினும் அபின் வகை மருந்துகளும் போய் ஒட்டி வேலை செய்யும் இடங்கள் ஓப்பியாய்டு ஏற்பிகள். அவற்றை அடைக்கும் நலோக்சோன் என்ற மருந்தை முன்கூட்டியே கொடுத்தபோது உருளலும் தேய்த்தலும் அடங்கிப்போயின. ஆக, பூனைக்குக் கிடைக்கும் கிறக்கம் செடி வெளியிலிருந்து கொடுக்கும் போதை அல்ல. தன் உடல் சுரந்த பொருளில்தான் அது கிறங்குகிறது.

ஏன் தேய்த்துக்கொள்கிறது என்பதற்கும் அதே ஆய்வு ஒரு விடை சொல்கிறது. தலையையும் முகத்தையும் இலையில் தேய்க்கும்போது அந்தப் பொருள் ரோமத்தில் ஒட்டுகிறது. அப்படி ஒட்டிய பூனைகளின் மேல் கொசுக்கள் குறைவாக உட்கார்ந்தன. சோதித்தது நம் ஊரிலும் பகலில் கடிக்கும் ஆசியப் புலிக்கொசுவை வைத்து. கடித்துக் கசக்குவதும் சும்மா இல்லை. இலை நசுங்கும்போது வெளிவரும் ஐரிடாய்டின் அளவு பல மடங்கு கூடுகிறது என்று அதே குழு அடுத்த ஆண்டு காட்டியது.

இதனால் நமக்கு என்ன? பூனை இலையைத் தின்ன வேண்டிய அவசியமே இல்லை. உணவில் கலப்பது, தண்ணீரில் கரைப்பது, வாயில் ஊட்டுவது எல்லாம் வேண்டாத வேலை. வாசனை மூக்கில் பட்டால் போதும். அளவு கூடினால் கிறக்கம் கூடாது, வயிறுதான் கெடும்.

2. உங்கள் பூனைக்குக் கொடுக்கலாமா என்று முதலில் பாருங்கள்

குட்டிகளுக்கு அவசரப்பட வேண்டாம். மூன்று மாதத்துக்கு உட்பட்ட குட்டி கேட்னிப்பை ஏறெடுத்தும் பார்க்காது. பெரும்பாலான பூனைகளுக்கு மூன்று முதல் ஆறு மாதத்தில்தான் இந்த உணர்வு வரத் தொடங்கும், சிலவற்றுக்கு இன்னும் தாமதமாகும். ஆகவே ஆறு மாதக் குட்டி கண்டுகொள்ளவில்லை என்றால் அதை முடிவான பதிலாக எடுக்காதீர்கள். ஒரு வயதானதும் மறுபடி பாருங்கள்.

கீழ்க்காணும் நிலையில் உள்ள பூனைகளுக்குக் கொடுக்காதீர்கள், அல்லது மருத்துவரைக் கேட்டுவிட்டுக் கொடுங்கள்: சினைப்பூனை, வலிப்பு வந்த பூனை, கருத்தடை போன்ற அறுவை முடிந்து தையல் இன்னும் ஆறாத பூனை. தையல் விஷயத்தில் பிரச்சினை செடியில் இல்லை. உருண்டு புரண்டு பின்னங்காலால் உதைக்கும்போது தையல் பிரிந்துபோகும். தையல் பிரித்து மருத்துவர் சரி என்ற பிறகு கொடுத்தால் போதும்.

ஆஸ்துமா உள்ள பூனைக்குத் தூள் வேண்டாம், மெல்லிய தூசி மூக்கில் ஏறும். அதற்கு முழு இலையோ குச்சியோ நல்லது. வேறு மருந்துகள் சாப்பிட்டுக்கொண்டிருக்கும் வயதான பூனை என்றால் அடுத்த முறை மருத்துவரிடம் போகும்போது மருத்துவச் சீட்டைக் காட்டி ஒரு வார்த்தை கேட்டுக்கொள்ளுங்கள். இதற்கென்று தனியாகப் போய்க் கட்டணம் கட்டத் தேவையில்லை.

3. வாங்கும்போது லேபிளில் எதைப் பார்ப்பது

பணம் வீணாவது பெரும்பாலும் இந்தப் படியில்தான். இணையக் கடைகளில் தேடும்போது செடியின் தாவரப் பெயரை அடித்துத் தேடுங்கள்: கேட்னிப்புக்கு Nepeta cataria, சில்வர்வைனுக்கு Actinidia polygama. பொட்டலத்தின் பின்பக்கப் படத்திலும் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பெரிதாக்கிப் பாருங்கள். “இயற்கை மூலிகை” என்று மட்டும் போட்டு, என்ன மூலிகை என்று சொல்லாத பொட்டலத்தை விட்டுவிடுங்கள்.

அடிக்கடி நடக்கும் குழப்பம் பூனைப்புல். கோதுமை, ஓட்ஸ் நாற்றுகளைப் பூனைக்குத் தின்னக் கொடுப்பதற்காக விற்பது அது. பூனை கடித்துத் தின்னும், ஆனால் கிறங்காது. விதைப் பொட்டலத்தில் கேட்னிப் படம் போட்டு உள்ளே கோதுமை விதை இருந்தால் கையில் எடுத்ததுமே தெரியும். கேட்னிப் விதை கடுகைவிடச் சிறியது, பழுப்பு நிறம். கோதுமையை யாரும் தவறவிட மாட்டீர்கள்.

காய்ந்த கேட்னிப்பின் தரத்தைப் பார்க்கும் வழி எளிது. நல்ல சரக்கு சாம்பல் கலந்த பச்சையாக இருக்கும். விரலிடையில் தேய்த்தால் புதினாவும் புல்லும் கலந்தாற்போல் மணக்கும். பழுப்பேறி, தண்டும் காம்பும் நிறைந்து, தேய்த்தும் மணக்காமல் இருந்தால் அது வைக்கோலுக்குச் சமம். நெப்பெட்டாலாக்டோன் காற்றில் ஆவியாகும் பொருள், மூடி தளர்ந்த பாக்கெட்டில் மாதக்கணக்கில் கிடந்தால் போய்விடும். வாசனை இல்லாத சரக்கை வைத்து, “என் பூனைக்கு இது பிடிக்காது” என்று முடிவுக்கு வருகிறவர்கள் நிறையப் பேர்.

சில்வர்வைன் மூன்று வடிவில் கிடைக்கும்: குச்சி, தூள், உலர்ந்த காய். கொடியின் பூமொட்டில் ஒரு சிறு பூச்சி முட்டையிடும்போது மொட்டு உப்பிச் சப்பிய முடிச்சுக் காயாகிவிடும். பூனைகளை அதிகம் இழுப்பது அந்த முடிச்சுக் காய்தான், நல்ல தூளும் அதிலிருந்தே அரைப்பது. குச்சியில் வீரியம் குறைவு, ஆனால் பூனைக்குக் கடிக்க ஒன்று கிடைக்கும். முதல் சோதனைக்குத் தூள், பிறகு பொழுதுபோக்குக்குக் குச்சி என்பது என் பரிந்துரை. சில்வர்வைன் பெரும்பாலும் இறக்குமதி என்பதால் கேட்னிப்பைவிட விலை கூடும். சிறிய பொட்டலமே வாங்குங்கள், ஒருமுறைக்குச் சிட்டிகைதான் செலவாகும்.

வெளிநாட்டிலிருந்து விதையாக வரவழைப்பது வேறு கதை. இந்தியாவுக்குள் விதையும் நாற்றும் கொண்டுவரத் தாவரத் தடுப்புக்காப்பு விதிகள்படி இறக்குமதி அனுமதியும் ஏற்றுமதி நாட்டின் தாவர நலச் சான்றும் வேண்டும். இரண்டும் இல்லாத விதைப் பொட்டலம் சுங்கத்தில் நின்றால் பணம் திரும்ப வராது. உள்நாட்டிலேயே விற்கும் விதையைத் தேடுவது நல்லது.

4. சோதனை நாள்

வீடு அமைதியாக இருக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுங்கள். விருந்தினர் வந்த நாள், மிக்ஸி ஓடும் நேரம், பக்கத்துத் தெருவில் பட்டாசு வெடிக்கும் நேரம் எல்லாம் வேண்டாம். பயந்திருக்கும் பூனை எந்த வாசனைக்கும் மசியாது. பூனை சாப்பிட்டு ஒரு மணி நேரமாவது ஆகியிருக்கட்டும். நிறைந்த வயிற்றோடு உருண்டால் வாந்தி வந்து, நீங்கள் கேட்னிப்பைத் தவறாகக் குற்றம் சொல்வீர்கள்.

அரை டீஸ்பூன் காய்ந்த கேட்னிப்பை உள்ளங்கையில் போட்டு மற்றொரு கையால் நன்றாகத் தேய்த்துப் பொடியுங்கள். அதை ஒரு பழைய பருத்தி சாக்ஸின் நுனிக்குள் கொட்டி முடிச்சுப் போடுங்கள். சாக்ஸ் ஏன் என்றால், பூனை கட்டிப்பிடித்து உதைக்கும்போது இலை வாய்க்குள் போகாது, தரையிலும் சிதறாது. நூல், ரப்பர் வளையம், மணி எதையும் சேர்த்துக் கட்டாதீர்கள். பூனை விழுங்கும் நூல் குடலைச் சுருட்டி அறுவை வரை கொண்டுபோகும், கேட்னிப்பைவிடப் பல மடங்கு ஆபத்து அதுதான்.

சாக்ஸைப் பூனைக்கு இரண்டடி முன்னால் வைத்துவிட்டு விலகி உட்காருங்கள். மூக்கில் கொண்டுபோய்த் திணிக்காதீர்கள். ஐந்து நிமிடம் பாருங்கள். முகர்தல், நக்குதல், மென்மையாகக் கடித்தல், கன்னத்தையும் தலையையும் தேய்த்தல், பிறகு உருளல் என்ற வரிசையில் தொடங்கினால் இது ஏற்கிற பூனை. மொத்த ஆட்டமும் ஐந்து முதல் பதினைந்து நிமிடத்தில் தானாக அடங்கும். அடங்கியதும் சாக்ஸை எடுத்து மூடியுள்ள டப்பாவில் வைத்துவிடுங்கள்.

ஆட்டம் அடங்கியபின் அரை மணியிலிருந்து இரண்டு மணி நேரம் வரை அதே வாசனைக்கு மறுபடி மசியாது. இது புரியாமல், இன்னும் கொஞ்சம் கொடுத்துப் பார்ப்போம் என்று கூட்டுகிறவர்கள் உண்டு. அப்போது பூனை வேறு வழியில்லாமல் இலையைத் தின்னத் தொடங்கும். வாந்தி வருவது அதில்தான்.

5. எது இயல்பு, எது இல்லை

எச்சில் வடிவது, கண்மணி விரிவது, மியாவ் என்று கத்துவது, அறைக்குள் ஓடுவது, முதுகைச் சுருட்டித் தாவுவது எல்லாம் இயல்பு. இன்னொரு வகை இயல்பும் உண்டு, அதைத்தான் பலர் கவனிப்பதில்லை: சில பூனைகள் உருளாது. சாக்ஸ் அருகே நான்கு காலையும் மடக்கிக் கண் பாதி மூடி அசையாமல் இருக்கும், மியாவ் குறையும். இதை அமைதியான ஏற்பு என்று ஆய்வாளர்கள் பிரித்துச் சொல்கிறார்கள். உருளவில்லை என்பதற்காக வேலை செய்யவில்லை என்று எழுதிவிடாதீர்கள்.

சில பூனைகளுக்குக் கிறக்கம் சண்டையாக வரும். பற்களைக் காட்டி, சாக்ஸைக் காவல் காத்து, அருகில் வரும் கையையோ மற்றப் பூனையையோ அடிக்கும். அப்படி ஒருமுறை நடந்தால் அந்தப் பூனைக்கு இனிமேல் தனி அறையில்தான். அந்த நேரத்தில் கையால் சாக்ஸைப் பிடுங்க வேண்டாம். ஒரு துணியைப் போட்டு மூடி, பூனை விலகியபின் எடுங்கள். சண்டையாக வந்தது இரண்டாவது முறையும் வந்தால் கேட்னிப் அதற்கு வேண்டாம் என்று விட்டுவிடுங்கள், இழப்பொன்றும் இல்லை.

ஒரே ஒரு முறை வாந்தி, கொஞ்சம் இளகிய மலம் என்றால் இலை வயிற்றுக்குள் போயிருக்கிறது. பெரும்பாலும் ஒரு நாளில் சரியாகும். இலையை நிறையத் தின்றால் வாந்தியும் பேதியும் வரும் என்பதால்தான், அமெரிக்காவின் விலங்கு நல அமைப்பான ஏஎஸ்பிசிஏ கேட்னிப்பைப் பூனைக்கு ஒவ்வாத செடிப் பட்டியலில் வைத்திருக்கிறது. அதைப் பார்த்து மிரள வேண்டாம். முகர்வதற்குக் கொடுப்பதும் தொட்டியில் உள்ள செடியை முழுதாக மேயவிடுவதும் ஒன்றல்ல.

திரும்பத் திரும்ப வாந்தி, நிற்க முடியாமல் தள்ளாடுவது, வலிப்பு, வாயைத் திறந்து மூச்சு வாங்குவது இவற்றில் எது இருந்தாலும் மருத்துவரிடம் உடனே போங்கள். கையில் அந்தப் பொட்டலத்தையும் எடுத்துச் செல்லுங்கள். அப்படி வந்தால் காரணம் பெரும்பாலும் இலை அல்ல. எண்ணெய் கலந்த ஸ்ப்ரேயோ, விழுங்கிய துணி, நூலோ, கலப்படச் செடியோதான்.

அடிமையாகிவிடுமா என்ற பயம் நியாயமானதே, ஓப்பியாய்டு என்ற வார்த்தை வந்தாலே அப்படித்தான். சில்வர்வைனைப் பற்றி 2023-இல் வந்த ஆய்வில், பூனைகள் போதுமென்றால் தாமாகவே விலகிப்போயின; விடாமல் தேடி அலையவில்லை. நீண்ட காலம் தொடர்ந்து முகர்ந்த பூனைகளின் இரத்தத்தில் கல்லீரல், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் அளவுகள் உயரவில்லை.

6. கேட்னிப்பைக் கண்டுகொள்ளவில்லையா? சில்வர்வைனைப் பாருங்கள்

கேட்னிப் எல்லாப் பூனைக்கும் இல்லை. வயது வந்த பூனைகளில் மூன்றில் இரண்டு பங்குதான் வெளிப்படையாக மசியும், இந்தத் தன்மை பெரும்பாலும் பிறப்பில் வருவது. ஆண், பெண் வேறுபாடோ, கருத்தடை செய்ததோ இதைத் தீர்மானிப்பதில்லை. பழக்கி வரவழைக்கவும் முடியாது.

நூறு பூனைகளை வைத்து 2017-இல் வெளியான ஓர் ஆய்வு இதில் உதவும். அதில் சில்வர்வைன் தூளுக்கு ஏறத்தாழ 80 பூனைகள் மசிந்தன. அதைவிட முக்கியமானது, கேட்னிப்பை ஒதுக்கிய பூனைகளில் ஏறக்குறைய முக்கால்வாசி சில்வர்வைனுக்கு இணங்கின. ஆக, கேட்னிப் தோற்றால் பணத்தை அடுத்த கேட்னிப் பிராண்டில் போடாதீர்கள், சில்வர்வைனில் போடுங்கள்.

செய்யும் முறை கிட்டத்தட்ட ஒன்றுதான், அளவு மட்டும் குறைவு. ஒரு வாரம் இடைவெளி விட்டு, வேறொரு சாக்ஸில், கட்டைவிரலும் ஆட்காட்டிவிரலும் கிள்ளி எடுக்கும் ஒரு சிட்டிகைத் தூள் போடுங்கள். பழைய சாக்ஸையே பயன்படுத்தினால் எந்த வாசனைக்கு மசிந்தது என்று பிரித்தறிய முடியாது. சில்வர்வைனின் ஆட்டம் பொதுவாகக் கேட்னிப்பைவிட வேகமாக வரும். தூள் சாக்ஸிலிருந்து பறக்காமல் இருக்க இரட்டைச் சாக்ஸ் போடுங்கள்.

குச்சி கொடுப்பதானால் பென்சில் பருமனுக்குக் குறையாததாக, பூனையின் முகத்தைவிட நீளமானதாக இருக்கட்டும். பட்டையைச் சீவிக் கடிப்பதுதான் அதன் ஆனந்தம். நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுங்கள். பட்டை முழுவதும் போய், நார் நாராகப் பிளந்து சிம்பு நீட்ட ஆரம்பித்ததும் குப்பையில் போடுங்கள். விரல் நீளத்துக்குக் குறைந்த துண்டும் அப்படியே. வாய்க்குள் சிம்பு குத்திய பூனை சாப்பாட்டுக்கு வந்து திரும்பிப் போகும், ஒரு பக்கமாய்த் தலையைச் சாய்த்து மெல்லும், முன்காலால் வாயைத் துடைக்கும். அப்போது கையைவிட்டுத் துழாவாமல் மருத்துவரிடம் காட்டுங்கள். முழு உலர்காய் கடினமானது, விழுங்கும் அளவு சிறியது. அதைக் கொடுக்காமல் தூளாகவே வைத்துக்கொள்வது நல்லது.

7. ஒரு வீட்டில் மூன்று பூனைகள் இருந்தால்

மூன்று பூனைகள் இருக்கும் ஒரு வீட்டை எடுத்துக்கொள்வோம். கருத்தடை செய்த நான்கு வயதுப் பெண் பூனை, சிறுநீரகச் சிக்கலுக்கு மருந்து சாப்பிடும் பன்னிரண்டு வயதுக் கிழவன், ஐந்து மாதக் குட்டி.

சனிக்கிழமை மாலை முதலில் பெண் பூனையை மட்டும் ஓர் அறையில் விட்டு, கதவைச் சாத்தி, கேட்னிப் சாக்ஸை வையுங்கள். அவள் முகர்ந்துவிட்டு இரண்டு நிமிடத்தில் எழுந்து சன்னலுக்குப் போகிறாள். மடங்கி உட்காரவில்லை, திரும்பி வரவில்லை. “கேட்னிப்: இல்லை” என்று தேதியோடு ஒரு நோட்டில் எழுதுங்கள். சாக்ஸை டப்பாவில் வைத்து, அறையைப் பெருக்கிச் சன்னலைத் திறந்து விடுங்கள். ஞாயிற்றுக்கிழமை அதே அறையில் குட்டி. ஒரு வயதாகாததால் முகரவே இல்லை. இதை இல்லை என்று எழுதாமல், “ஒரு வயதில் மறுபடி” என்று எழுதுங்கள். கிழவனுக்கு இன்னும் வேண்டாம். அவனுக்கு அடுத்த வாரம் இரத்தப் பரிசோதனை இருக்கிறது, அப்போது மருத்துவரைக் கேட்டுவிடலாம்.

அடுத்த சனிக்கிழமை பெண் பூனைக்குச் சில்வர்வைன். இரண்டாவது நிமிடத்தில் கன்னத்தைத் தேய்க்கிறாள், எச்சில் வடிகிறது, ஏழெட்டு நிமிடம் உருள்கிறாள், பிறகு எழுந்து உடலை நக்கிக்கொள்கிறாள். “சில்வர்வைன்: ஆம், 8 நிமிடம், சண்டை இல்லை” என்று எழுதுங்கள். மருத்துவர் சரி என்றபின் கிழவனுக்கும் கேட்னிப்பைச் சாக்ஸில் வைத்து முகரவிட்டால், அவன் உருளாமல் அருகே மடங்கிக் கண் சொருகி உட்காருகிறான். அதுவும் ஆம்தான். பிரித்து வைத்ததால் நன்மை இன்னொன்றும் உண்டு. முதல் நாளே மூவரையும் ஒன்றாக விட்டிருந்தால், பெண் பூனை விலகியது கேட்னிப் பிடிக்காததாலா, கிழவன் அறைந்ததாலா என்று தெரிந்திருக்காது.

8. எத்தனை நாளுக்கு ஒருமுறை, எப்படிச் சேமிப்பது

வாரத்துக்கு ஒன்றிரண்டு முறை போதும். தினமும் கொடுத்தால் ஆபத்து என்பதற்காக அல்ல. சாக்ஸ் எப்போதும் தரையில் கிடந்தால் அதன் வாசனை ஆறிப்போவதோடு பூனையும் அதைக் கண்டுகொள்ளாமல் போய்விடும். பூனை முனகாமல் நகம் கீறும் கம்பத்துக்குப் பழக வேண்டும் என்றால் கம்பத்தின் அடியில் ஒரு சிட்டிகை தேய்த்துவிடலாம். இது கேட்னிப்பை உபயோகமாக்கும் நல்ல வழி. மருத்துவமனைக்குப் போகும் கூடையில் போடுவது அவ்வளவு நல்ல யோசனையல்ல, சில பூனைகளுக்கு ஏற்கெனவே இருக்கும் பதற்றத்தோடு சேர்ந்து சண்டையாக மாறும்.

சரக்கைக் காற்றுப்புகாத கண்ணாடிப் பாட்டிலில், வெளிச்சம் படாமல் வையுங்கள். நம் வெயிலுக்கும் ஈரத்துக்கும் பாலித்தீன் பை தாங்காது. குளிர்சாதனப் பெட்டியின் உறைபெட்டியில் வைத்தால் வாசனை நீண்ட நாள் நிற்கும், எடுக்கும்போது பாட்டிலை மூடியபடியே அறை வெப்பத்துக்கு வரவிட்டுத் திறங்கள். இல்லாவிட்டால் உள்ளே நீர் வியர்த்துப் பூஞ்சணம் பிடிக்கும். பூஞ்சணம் தெரிந்த சரக்கைப் பயன்படுத்தாதீர்கள்.

9. எண்ணெய், ஸ்ப்ரே, தொட்டிச் செடி, குப்பைமேனி

கேட்னிப் எண்ணெய், வாசனை எண்ணெய்க் கலவை இவற்றைப் பூனை மேல் தடவுவது அடிக்கடி நடக்கும் தவறு. கொசு விரட்டும் என்று படித்துவிட்டுச் செய்கிறார்கள். எண்ணெய் என்பது இலையின் வாசனையைப் பன்மடங்கு செறிவாக்கியது. பூனையின் கல்லீரலில் பல பொருள்களை உடைத்து வெளியேற்றும் ஒரு வேதி வழி மிகவும் பலவீனம். அதனால் நமக்குச் சாதாரணமான வாசனை எண்ணெய்கள்கூட அதற்கு விஷமாகும். ரோமத்தில் படுவது எல்லாம் நாக்கு வழியாக வயிற்றுக்குள் போய்விடும். லேபிளில் தேயிலை மர எண்ணெய், யூகலிப்டஸ் என்று இருக்கும் ஸ்ப்ரேயை வீட்டுக்குள்ளேயே வைக்காதீர்கள். பூனைக்குக் கொசுத்தொல்லை இருந்தால் வலை போடுங்கள், அதைச் செடியிடம் கேட்க வேண்டாம்.

வீட்டுத் தொட்டியில் வளர்க்க ஆசைப்படுகிறவர்களுக்கு: கேட்னிப் குளிர்ப்பிரதேசச் செடி. நீலகிரி, கொடைக்கானல் பக்கம் நன்றாக வரும். சென்னை வெயிலில் கோடையில் சுருண்டுவிடும், அங்கே மழைக்குப் பின் விதைத்து பகுதி நிழலில் வைக்கலாம். இலையின் வாசனை மிகுந்திருப்பது பூ விரியும் பருவத்தில். அப்போது தண்டோடு வெட்டித் தலைகீழாக நிழலில் உலர்த்துங்கள், வெயிலில் அல்ல. செடியைப் பூனைக்கு எட்டாத இடத்தில் வையுங்கள். எட்டினால் தொட்டியே உருளும். நர்சரியில் வாங்கும்போது கவனம் தேவை: பூனைக்கு என்று சொல்லிக் கற்பூரவள்ளியைக் கொடுத்துவிடுவதுண்டு. தடித்துச் சதைப்பற்றோடு, ஓமம் மணக்கும் அந்த இலை பூனையின் வயிற்றுக்கு ஆகாது. கேட்னிப் இலை மெல்லியது, இதய வடிவம், ஓரம் பல்பல்லாக, சாம்பல் மயிர் படர்ந்திருக்கும்.

நம் ஊரில் இதைப் படிப்பவர்களில் சிலர் கேட்கப்போவது குப்பைமேனியை. அதற்குப் பூனைவணங்கி என்ற பெயர் காரணமில்லாமல் வரவில்லை. பிடுங்கிய குப்பைமேனியின் வேரைப் பூனைகள் முகர்ந்து உருள்வதைப் பார்த்திருப்பீர்கள். அதன் வேரில் கேட்னிப்பின் பொருளோடு உறவுள்ள ஐரிடாய்டுகள் இருப்பதை 2016-இல் ஆஸ்திரேலிய ஆய்வாளர்கள் பிரித்துக் காட்டினார்கள். ஆகவே பூனை ஏமாறவில்லை, அதன் மூக்கு சரியாகத்தான் கண்டுபிடித்திருக்கிறது. ஆனாலும் இலவசம் என்று எடுத்துக் கொடுக்காதீர்கள். அந்தச் செடியில் அக்கலிஃபின் என்ற, சயனைடை வெளிவிடக்கூடிய பொருள் இருக்கிறது. பூனை வேரைக் கடித்துத் தின்னும் தருணத்தில் இது கவலைக்குரியது. தெருவோரத்தில் வளர்வதால் களைக்கொல்லியும் சாக்கடை நீரும் பட்டிருக்கும். தோட்டத்தில் பூனை தானாகப் போய் முகர்ந்துவிட்டு வந்தால் பதற வேண்டாம். செடியைப் பிடுங்கி வேரோடு வீட்டுக்குள் கொண்டுவருவதைத்தான் தவிர்க்கச் சொல்கிறேன். ஏற்கெனவே நிறையத் தின்றுவிட்டது, மூச்சு வாங்குகிறது, தள்ளாடுகிறது என்றால் எவ்வளவு நேரம் ஆயிற்று என்று குறித்துக்கொண்டு, மீதிச் செடியைக் கவரில் போட்டு எடுத்துக்கொண்டு உடனே மருத்துவரிடம் போங்கள். உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்கவைக்க முயலாதீர்கள், பூனைக்கு அதுவே தனி ஆபத்து.